பச்சை ஓரம் எந்தப் பக்கம்?

அந்த பாட்டிலைக் கையில் எடுத்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒழுங்காக அனுப்பத் தெரிந்தவர் ஒருத்தராவது இந்த ஊரில் இருக்கிறாரே என்று.

நோய் இருக்கிறதா என்று பார்க்க என் லேபுக்கு வருகிற சதைத் துண்டுகள் படும் பாட்டைச் சொல்லி மாளாது. ஃபார்மலினில் போடச் சொன்னால் உப்புத் தண்ணீரில் போட்டு அனுப்புவார்கள். வந்து சேர்வதற்குள் பாதி அழுகிவிடும். இருமல் மருந்து பாட்டிலின் குறுகிய கழுத்துக்குள் திணித்து அனுப்புவார்கள். உள்ளே போனது வெளியே வராது. பெயரை மூடியில் எழுதுவார்கள். மூடியைக் கழற்றி மேசையில் வைத்தால் பாட்டில் அநாதை. நான் போன் செய்து கத்துவேன். "சாரி மேடம்" என்பார்கள். அடுத்த வாரம் அதே கதை.

இந்த பாட்டில் அப்படி இல்லை. அகலமான வாய். துண்டு நன்றாக முங்கி, அதற்கு மேலும் தாராளமாக ஃபார்மலின். சுருண்டுவிடாமல் இருக்கத் தடித்த காகிதத்தின் மேல் துண்டைப் பரப்பி உள்ளே விட்டிருந்தார்கள். லேபிள் பாட்டிலின் உடம்பில் ஒட்டியிருந்தது. அதில் எழுதியிருந்த பெயர் என் அத்தானுடையது.

ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வயதைப் பார்த்தேன். பிறகு அனுப்பிய டாக்டரைப் பார்த்தேன். பஞ்சு. என்னோடு படித்தவன். ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு முன் பல்லிடமே மன்னிப்புக் கேட்பான் என்று வகுப்பில் அவனுக்கு வைத்த பெயர் அது. அக்கா குடும்பத்துக்கு அவன்தான் பல் டாக்டர்.

'இடது நாக்கு, ஓரத்துக்குக் கீழே அடிப்பக்கம். சிவப்பும் வெள்ளையுமான புண், நடுவில் சிறு குழி, விளிம்பு கெட்டி. முழுவதும் நீக்கப்பட்டது' என்று எழுதியிருந்தான்.

கடைசி இரண்டு வார்த்தைகளைப் படித்ததும் அக்காவுக்கு போன் போட்டேன்.

"அத்தானுக்கு நாக்குல என்ன?"

"உனக்கு யாருடி சொன்னா?" என்றாள்.

"அவர் நாக்கே சொல்லிச்சு. என் மேசை மேல இருக்கு."

"ஐயையோ, உங்கிட்டயேதான் வருமா? வேற எங்கயாவது அனுப்புங்கன்னு சொல்லாம விட்டுட்டேனே."

"ஏன் எங்கிட்ட மறைச்ச?"

"நீ திட்டுவ."

உண்மைதான். திட்டியிருப்பேன். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அதே கையோடு அத்தானை இழுத்துக்கொண்டு புற்றுநோய் ஆபரேஷன் செய்கிற சர்ஜனிடம் போயிருப்பேன். என் வாய்க்குப் பயந்து என் சொந்தக்காரர்கள் எனக்குத் தெரியாமல் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அக்கா மெல்ல மெல்லச் சொன்னாள். ஒரு பல் முனை கூராக இருந்து நாக்கை உரசியிருக்கிறது. பஞ்சு அதை ராவிவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறான். அதுவும் சரிதான், உரசலால் வந்த புண்ணாக இருந்தால் அதற்குள் ஆறிவிடும். ஆறவில்லை. ஓரத்தில் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறான். இங்கேதான் என் அக்கா மூக்கை நுழைத்தாள்.

"கொஞ்சம் கிள்ளிட்டு மிச்சத்த விட்டா அது பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்கடி. எடுத்தா முழுசா எடுங்க, இல்லன்னா கைய வைக்காதீங்கன்னு அழுதுட்டேன். டாக்டர் பாவம், அரை மணி நேரம் விளக்கிச் சொன்னாரு. நான்தான் கேக்கல. அப்புறம் சரின்னு எடுத்தாரு. நல்லதுதானே? முழுசாப் போயிடுச்சுல்ல?"

நான் போனை வைத்தேன். திட்டாமல் வைத்ததே அவளைப் பயமுறுத்தியிருக்கும்.

கிள்ளினால் பரவும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, நாடு முழுக்க அதுதான் பேச்சு. சந்தேகமான புண் என்றால் முழுதாக எடுக்கவே கூடாது. கெட்ட சதையும் நல்ல சதையும் சேருகிற விளிம்பில், போதிய ஆழத்தோடு, சின்னதாக ஒரு துண்டு போதும். நடுக்குழியில் எடுத்தால் செத்த அழுக்குதான் வரும், அதில் எனக்கு ஒன்றும் தெரியாது. மீதிப் புண் வாயிலேயே இருக்க வேண்டும். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று சர்ஜனுக்குக் காட்ட அதைவிட்டால் வேறு அடையாளம் கிடையாது. முழுதாக எடுப்பதெல்லாம், கன்னத்தைக் கடித்துக் கடித்து உருண்டையாக வருமே, பார்த்தாலே சாது என்று தெரிகிற அந்த மாதிரிக் கட்டிகளுக்கு. இதெல்லாம் பஞ்சுவுக்குத் தெரியாததா? என்னைவிட நன்றாகப் படித்தவன். ஆனால் எதிரே உட்கார்ந்து ஒரு பெண் அழுதால் அவன் உருகிவிடுவான். எனக்கு அவன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

சரி, எடுத்தது எடுத்தாயிற்று. ஓரத்தில் ஒரு தையல் போட்டு, 'நூல் இருப்பது முன்பக்கம்' என்று எழுதியிருந்தாலாவது பிழைத்திருப்போம். துண்டை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தேன். படகு மாதிரி, இரண்டு பக்கமும் கூராக இருந்தது. இரண்டு நுனியும் அச்சாக ஒன்றுபோல. நூல் இல்லை.

பஞ்சுவுக்கு போன் செய்து கூப்பிட்டேன், மதியமே வந்துவிட்டான். கிளினிக்கை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தான், கழுத்தில் மாஸ்க் தொங்கியது.

"உன் அத்தான்னு தெரியும். அதான் பார்த்துப் பார்த்து அனுப்பினேன்" என்றான்.

"பார்த்தேன். பாட்டில் ரொம்ப அழகா இருக்கு. இதுல எது முன்னால, எது பின்னால?"

தட்டைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"நாக்கோட மேல்பக்கமும் கொஞ்சம் சேர்ந்திருந்தா சொரசொரப்பை வெச்சு மேல் கீழ் கண்டுபிடிச்சு, அதிலிருந்து முன் பின் சொல்லிடுவேன். இது அடிப்பக்கம். எங்க தொட்டாலும் வழவழன்னுதான் இருக்கு. ஃபோட்டோ எடுத்தியா?" என்றேன்.

"எடுக்கல." திடீரென்று அவன் முகம் வெளிச்சமானது. "இரு இரு. துண்டை இடுக்கியால நசுக்கக் கூடாதுன்னு நூல் கோத்துத்தான் தூக்கிப் பிடிச்சேன். முன்பக்க நுனியில. ஊசித் துளை இருக்குமே!"

"அந்த நூல் எங்க?"

"பாட்டில்ல போடுறப்ப வெட்டி எடுத்துட்டேன்."

"ஏன்?"

"சுத்தமா இருக்கட்டும்னு" என்றான்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. லென்ஸை எடுத்தேன். ஒரு நுனியில் துளை இருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது. மறு நுனியைப் பார்த்தேன். அங்கேயும் ஒன்று இருந்தது.

"முதல்ல போட்டது நழுவிடுச்சு," என்றான். "எடுத்துட்டு இன்னொரு பக்கம் மாத்திப் போட்டேன்."

"இதுல எந்தத் துளை முதல்ல போட்டது?"

நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளைக் காற்றில் வைத்துப் பார்த்தான். இடது கை நாக்கைப் பிடித்திருப்பதுபோல, வலது கை ஊசி கோப்பதுபோல. பிறகு இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டான்.

"பொய் சொல்லி ஒரு பக்கத்தக் காட்டிடலாம்" என்றான். "தப்பா இருந்தா?"

அதை அவன் சொன்னதற்காக மட்டும் அன்று அவனை மேற்கொண்டு திட்டவில்லை.

ஒரு நுனிக்குப் பச்சை மை தடவினேன், மறு நுனிக்கு நீலம், அடிக்குக் கறுப்பு. சதையைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் அந்த மை ஓரத்தில் கோடாகத் தெரியும். கெட்டது எந்த ஓரத்தைத் தொடுகிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். ஸ்லைடுகள் தயாரானபோது பஞ்சுவின் கையை மெச்சத்தான் வேண்டியிருந்தது. நசுங்கல் இல்லை, கருகல் இல்லை. மரத்துப்போகிற ஊசியைக்கூடப் புண்ணுக்குள் குத்தாமல் தள்ளிக் குத்தியிருந்தான். அவ்வளவு சுத்தமான ஸ்லைடில் புற்று பளிச்சென்று தெரிந்தது. நீலத்தில் இல்லை. கறுப்பில் இல்லை. பச்சை ஓரத்தில், மையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதாவது வாய்க்குள் இன்னும் மிச்சம் இருக்கிறது.

என் சொந்தக்காரர் என்பதால் வேறொரு லேபில் இருக்கும் என் சீனியருக்கும் ஸ்லைடுகளை அனுப்பினேன். அவரும் அதையேதான் சொன்னார்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்கறிச் சந்தையில் விடியற்காலையில் ஏலம் போடுகிறவர். மைக் இல்லாமல் சந்தையின் மறுகோடி வரை கேட்கிற குரல். ஒருதரம், ரெண்டுதரம் என்று அவர் இழுக்கிற இழுப்பில், வாங்க வராதவன்கூடக் கையைத் தூக்கிவிடுவான் என்பார்கள். வீட்டிலும் வாய் ஓயாது. அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. என் கல்யாணப் பேச்சு முறிந்த விஷயத்தை ஊருக்கெல்லாம் அவர்தான் சொன்னார், அதுவும் எனக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. ஒரு வருஷம் அவரோடு பேசாமல் இருந்தேன். அந்த ஒரு வருஷமும் அவரே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

சர்ஜனின் அறைக்கு அக்காவும் அத்தானும் போக, நானும் போனேன். பஞ்சு கூப்பிடாமலே வந்து சுவரோரம் நின்றுகொண்டான். சர்ஜன் வயதில் எனக்குச் சின்னவள், அதிகம் பேசாதவள். அத்தானின் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து விளக்கடியில் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். நாக்கு சீக்கிரம் ஆறுகிற சாமான். அதற்குள் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடுதான் மிச்சம்.

"ரிப்போர்ட்ல பச்சை ஓரம்னு இருக்கு," என்றாள் என்னிடம். "பச்சை இங்க எந்தப் பக்கம்?"

"தெரியல."

"தையல் அடையாளம்?"

"இல்ல."

அவள் பஞ்சுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவளுடைய நல்ல குணம். காகிதத்தில் ஒரு நாக்கை வரைந்தாள்.

"முன்பக்கம்னு தெரிஞ்சிருந்தா, இந்தக் கோட்டோட முன்னாடி இவ்வளவு எடுத்துத் தைச்சே மூடியிருப்பேன். பேச்சு கொஞ்சம் தடுமாறும், அப்புறம் சரியாயிடும். பின்பக்கம்னு தெரிஞ்சா பின்னாடி அதே அளவு. இப்ப தைச்சதுல சதை இழுத்துக்கிட்டு வேற இடத்துக்கு நகர்ந்திருக்கு. தொட்டுப் பாத்தா தழும்பும் கெட்டி, புத்தும் கெட்டி. அதனால ரெண்டு பக்கமும் எடுக்கணும், ஆழமாவும் எடுக்கணும்." பென்சில் நாக்கின் பாதியைச் சுற்றி வளைத்தது. "கையிலேருந்து தோல் எடுத்து இங்க வெச்சுத் தைப்போம். புத்து பரவியிருக்கான்னு தெரிய, கழுத்துல இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுத்துப் பாக்கணும்."

"பேச்சு?" என்றார் அத்தான்.

"பேசுவீங்க. முன்ன மாதிரி இருக்காது."

"ஏலம்?"

சர்ஜன் பென்சிலைக் கீழே வைத்தாள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளுக்குக் கேட்டது வேறு. "பாத்தியா, நல்லவேளை அன்னைக்கே முழுசா எடுக்கச் சொன்னேன்" என்றாள் என் காதருகே. "இல்லன்னா இந்நேரம் எவ்வளவு பரவியிருக்கும்!"

நான் வாயைத் திறந்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய பேச்சுகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அது அவற்றில் பெரியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சர்ஜன் அனுப்பிய துண்டில் முன்பக்கத்துக்கு நீள நூல், மேல்பக்கத்துக்குக் குட்டை நூல் என்று ஒழுங்காக அடையாளம் இருந்தது. தட்டில் வைத்ததும் எனக்கு எல்லாத் திசையும் தெரிந்தது. அந்த வசதிக்காக அழுகை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

பின்பக்கம் முழுக்கச் சீவிப் பார்த்தேன். நல்ல சதை. ஆழத்தில் நல்ல சதை. கழுத்து நெறிக்கட்டிகள் அத்தனையும் சுத்தம். தழும்பின் முன்முனையில், ஒரே ஒரு இடத்தில், உளுந்தம்பருப்பு அளவுக்குப் புற்று இருந்தது. அதைச் சுற்றிலும் நல்ல சதை. பச்சை என்பது முன்பக்கம். அந்த நூலைப் பஞ்சு வெட்டாமல் விட்டு, அது எந்தப் பக்கம் என்று எழுதியிருந்தால், எடுத்ததில் பாதி இன்னும் அத்தானின் வாயில் இருந்திருக்கும்.

பஞ்சுவுக்கு போன் செய்தேன். கேட்கட்டும் என்றுதான் செய்தேன், மறைக்கவில்லை. "முன்பக்கமா" என்றான். பிறகு, "மனசுல எனக்கு அந்த நுனிதான் முன்பக்கம்னு பட்டுச்சு. ஆனா நிச்சயமா இல்ல" என்றான். அவன் இப்போதெல்லாம் சந்தேகமான புண் எதையும் தானே தொடுவதில்லை, சர்ஜனுக்கு அனுப்பிவிடுகிறான் என்று கேள்வி. முன்னால் எவ்வளவு கோபம் இருந்ததோ அவ்வளவு பாவமாக இருக்கிறது அவனை நினைத்தால்.

அத்தான் பிழைத்துவிட்டார். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். தையல் பிரித்து, மூக்கிலிருந்த குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சந்தைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஏலத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். அத்தான் பேசினார், பேசாமல் அவரால் இருக்க முடியாதே. ஆனால் வாயில் இருப்பது பாதி நாக்கும் கைத்தோலும். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன. அந்தக் கூழிலிருந்து வார்த்தையைப் பொறுக்கி எடுக்க வீட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்தது. அவர் வாயை அசைத்த மறுநொடி அக்கா உரக்கச் சொல்லுவாள். "ஃபேனைக் குறைக்கச் சொல்றார்." "உங்க பையன் பாஸாயிட்டானான்னு கேக்கறார்." வந்தவர்கள் அவளையே பார்த்துப் பதில் சொன்னார்கள். சொல்வதை யோசிக்கக்கூட மாட்டாள். அவர் சொல்ல வேண்டியது, அவள் ஒப்பிக்க வேண்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அக்கா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்து நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தேன். கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் விரித்துக் காட்டி, புருவத்தைத் தூக்கினார்.

எவ்வளவு என்று கேட்கிறார். எடுத்ததில் எவ்வளவு கெட்டது என்று. யார் கேட்பார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேனோ, அந்த ஆளே கேட்டுவிட்டார்.

பொய் சொல்ல எனக்கு வராது. அவருடைய இரண்டு விரல்களையும் பிடித்து, நகத்தின் நுனி அளவுக்கு நெருக்கி வைத்தேன்.

"முன்பக்கம் மட்டும்தான் அத்தான். பின்னால ஒண்ணுமே இல்ல."

விரல்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்கட்டில் துணி அடிக்கிற சத்தம் சீராகக் கேட்டது. அவர் பார்வை அந்தப் பக்கம் போயிற்று. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்ன அத்தான்?"

மறுபடி சொன்னார். எனக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

"தண்ணி வேணுமா? வலிக்குதா?"

இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. துணி அடிக்கிற சத்தம் நின்றுபோனதை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பழைய ஏலக் குரலின் மிச்சத்தையெல்லாம் திரட்டி, எனக்குப் புரிந்தே ஆக வேண்டும் என்று, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, மூன்றாம் முறை உரக்கச் சொன்னார்.

"அக்காகிட்ட சொல்லிடாதங்கிறார்" என்றாள் அக்கா, ஈரக் கையோடு வாசற்படியில் நின்று. சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.